கொஞ்சம் களவெடுத்த காலம்

உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் கிடக்கும் பழைய பியானோவில் கிழமைக்கு நான்கு நாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கடலோர ஊரில் பியானோ வைத்திருப்பவருக்கு உப்புக் காற்றுடன் தீராத வழக்கு ஒன்று உண்டு: கம்பிகள் துருப்பிடிக்கின்றன, மாரி காலத்தில் கட்டைகள் ஊறி மேலெழ மறுக்கின்றன, சுருதி சேர்ப்பவர் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் எழுத வந்த பிழை கடலால் வந்ததன்று. அது என் கையெழுத்தில் வந்தது.

சென்ற மாதம் பதினைந்து வயது மாணவி ஒருத்தி 19ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோப்பான் எழுதிய, நொக்டர்ன் என்ற மென்மையான பியானோ உருப்படி ஒன்றின் நகலைக் கொண்டு வந்து பியானோவின் மேல் வைத்தாள். ஒன்பதாவது வெளியீட்டின் இரண்டாவது உருப்படி அது. பெயர் தெரியாதவர்கள்கூட எங்கோ ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடியது. தாளில் இருந்த ஒவ்வொரு இத்தாலியச் சொல்லுக்கும் மேலே அவள் பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதியிருந்தாள். கிரெஷெண்டோவின் மேல் ‘சத்தமாக’ என்றும், ராலெண்டாண்டோவின் மேல் ‘மெதுவாக’ என்றும், ரிட்டார்டாண்டோவின் மேலும் ‘மெதுவாக’ என்றும், போகோ ருபாட்டோவின் மேல் ‘கொஞ்சம் மெதுவாக’ என்றும் அழகான எழுத்தில் இருந்தது. வாசித்தபோதும் எழுதியபடியே வாசித்தாள். ருபாட்டோ வந்த இடத்தில் இரண்டு கைகளும் சேர்ந்து தயங்கி, ஏற்றத்தில் வந்த மாட்டு வண்டிபோல் நின்று நின்று நகர்ந்தன.

ஒரே தாளில் வெவ்வேறு சொற்களை எழுதிய ஒருவர் அவற்றையெல்லாம் ஒரே பொருளில் எழுதியிருப்பாரா என்று அவளிடம் கேட்டேன்.

“ரீச்சர், நீங்கள் தந்த கொப்பியில அப்பிடித்தானே இருக்கு” என்றாள்.

இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சொற்பட்டியல் அது. இடப்பக்கம் இத்தாலியம், வலப்பக்கம் தமிழ். பின்னர் நானே ஆசிரியையானபோது அதையே நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். அன்றிரவு அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் தடவையாக இடப்பக்கத்தை ஒரு மொழியாக வாசித்துப் பார்த்தேன். அதுவரை அவை எனக்குச் சொற்களாக இருக்கவில்லை. பெருஞ்சந்திகளில் நிற்கும் வீதிக் குறிகளைப் போல, பார்த்தவுடன் கால் தானாகச் செயற்படுவதற்கான அடையாளங்களாகவே இருந்தன.

இத்தாலிய மொழியில் எனக்குப் பெரிய பயிற்சி இல்லை. ஆனால் இந்தச் சொற்களின் வாலைப் பார்ப்பதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. கிரெஷெண்டோ, டிமினுவெண்டோ, ரிட்டார்டாண்டோ, ராலெண்டாண்டோ, ஆச்செலெராண்டோ, மொரெண்டோ ஆகியவை எல்லாம் ‘ஆண்டோ’ அல்லது ‘எண்டோ’ என்று முடிகின்றன. அந்த விகுதி, செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் விகுதி. தமிழில் ‘கொண்டு’ சேர்த்து நாம் எழுதும் வினையெச்சத்துக்கு அது மிக நெருங்கியது: வளர்ந்துகொண்டு, குறைந்துகொண்டு, தாமதித்துக்கொண்டு, தளர்ந்துகொண்டு, விரைந்துகொண்டு, இறந்துகொண்டு. எனவே கிரெஷெண்டோ என்ற சொல்லுக்குச் ‘சத்தம்’ என்ற பொருளே இல்லை. ‘வளர்ந்துகொண்டு’ என்று மட்டுமே அது சொல்கிறது. வளர்வது ஒலி என்பது வழக்கத்தால் வந்தது.

வளர்கிற ஒன்று வளர்வதற்கு முன்னர் சிறியதாக இருந்தாக வேண்டும். இந்த எளிய செய்திதான் ‘சத்தமாக’ என்ற மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகிறது. கிரெஷெண்டோ என்ற எழுத்தைக் கண்ட உடனேயே பிள்ளைகள் உரத்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாளில் கோடிட்டுப் பிரித்திருக்கும் தாளப் பகுதியைப் பார் என்போம்; இரண்டாவது பாரிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு, மீதிப் பார்களில் ஏறுவதற்கு இடமில்லாமல் கட்டையை அடிக்கிறார்கள். கிரெஷெண்டோ என்று எழுதியிருந்தால் மெல்ல வாசி, டிமினுவெண்டோ என்று எழுதியிருந்தால் உரத்து வாசி என்று ஜேர்மானியப் பியானோ கலைஞரும் இசைநடத்துனருமான ஹான்ஸ் ஃபொன் பியூலோ சொன்னதாக ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்வதன் பொருளும் இதுதான். அந்தச் சொல் அச்சாகியிருக்கும் இடம் பயணத்தின் தொடக்கப் புள்ளி. சேர வேண்டிய இடம் அதற்குப் பல பார்கள் கழித்து ‘உரத்து’ என்று பொருள்படும் ஃபோர்ட்டே என்ற சொல்லாகவோ எழுத்தாகவோ நிற்கும். எட்டுப் பார்களில் மென்மையிலிருந்து உரத்த ஒலிக்குப் போக வேண்டுமென்றால், முதல் இரண்டு பார்களும் கேட்பவருக்கு மாற்றமே தெரியாத அளவுக்கு இருக்கலாம்; வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கடைசி மூன்று பார்களுக்குச் சேமித்து வைப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி வளரும்போது வேகமும் கூடவே வளர்ந்துவிடுகிறது, டிமினுவெண்டோவில் வேகமும் கூடவே தளர்கிறது. உடம்பின் இயல்பு அப்படி. கோபத்தில் உரத்துப் பேசுகிறவர் மெதுவாகப் பேசுவதில்லை. ஆனால் கிரெஷெண்டோ என்ற சொல் காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேகமும் கூட வேண்டுமென்று எண்ணினால் இசையமைப்பாளர் பக்கத்திலேயே ஆச்செலெராண்டோவையும் எழுதுவார்.

இதே வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ‘ரிட்.’ என்ற சுருக்கத்தின் சிக்கலும் விளங்கும். ரிட்டார்டாண்டோ என்பது தாமதித்துக்கொண்டே போவது. வேகம் சரிவில் இறங்குவதைப் போல் சிறிது சிறிதாகக் குறையும். ரிட்டெனூட்டோ என்பது ‘பிடித்து நிறுத்தப்பட்ட’ என்று பொருள்படும் முடிந்துபோன வினை; அங்கே வேகம் படியில் இறங்குவதைப் போல் உடனே குறைய வேண்டும். இரண்டும் ‘ரிட்.’ என்றே சுருக்கப்படுவதால் எது என்று சூழலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கவனமுள்ள பதிப்பாளர்கள் இரண்டாவதை ‘ரிட்டென்.’ என்று நீட்டி அச்சிடுகிறார்கள். இசையமைப்பாளர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டை ஒரே கண்டிப்புடன் பேணினார்கள் என்று சொல்ல முடியாது என்றாலும், வேறுபாடு இருக்கிறது என்பதே தெரியாமல் வாசிப்பது வேறு விடயம்.

அலெக்ரோவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது வினையே அன்று, பெயரடை. ‘மகிழ்வான’ என்று பொருள். குணத்தில் நேர்மாறான ஓர் இசையின் தலையிலும் விரைவு வேண்டும் என்பதற்காக ‘மகிழ்வான’ என்று எழுத வேண்டியிருப்பதன் அபத்தத்தைப் பற்றி பேத்தோவன் 1817ஆம் ஆண்டு ஒரு கடிதத்தில் எரிச்சலோடு எழுதினார். நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவிக்கு மெல்செல் என்பவர் உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேகத்தைச் சொல்ல எண் இருக்கையில் இந்தச் சொற்கள் எதற்கு என்பது பேத்தோவனின் எண்ணம். ஆனால் குணத்தைச் சொல்லும் சொற்களை அவர் கைவிடத் தயாராக இல்லை. நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை எண் சொல்லிவிடும். எப்படிப்பட்ட நடை என்பதை அது சொல்லாது.

இனி ருபாட்டோவுக்கு வருகிறேன். என் பட்டியலில் மிக மோசமாக இருந்தது அதுதான்.

ருபாட்டோவின் வால் ‘ஆண்டோ’ அன்று, ‘ஆட்டோ’. ரிட்டெனூட்டோவைப் போலவே முடிந்துபோன வினை. ‘திருடப்பட்ட’ என்பது நேர்ப்பொருள். திருடப்பட்ட எது? முழுத் தொடர் டெம்போ ருபாட்டோ, அதாவது திருடப்பட்ட காலம். டெம்போ என்ற பெயர்ச்சொல் உதிர்ந்து பெயரெச்சம் மட்டும் தாளில் தனியாக நிற்கிறது. ‘மெதுவாக’ என்பதற்கு இங்கே இடமே இல்லை. திருட்டு என்றால் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட வேண்டும், எடுத்தவரிடம் அது இருக்க வேண்டும். காலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

இந்தக் களவைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் முந்தியவர் பியர் ஃபிரான்செஸ்கோ டோஸி என்ற இத்தாலியப் பாடகர். 1723இல் பொலோனியாவில் வெளிவந்த அவருடைய நூல் பாடகர்களுக்காக எழுதப்பட்டது. உருக்கமான இடத்தில் காலத்தைத் திருடுவது பாடகருக்கு மதிப்புள்ள களவுதான், ஆனால் எடுத்ததைச் சாமர்த்தியமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் நினைத்த அமைப்பில் கீழே துணை வாசிக்கும் கருவி தன் அடியைத் தவறாமல் நடந்துகொண்டிருக்கும். மேலே குரல் மட்டும் ஒரு சுரத்தில் கூடுதலாகத் தங்கிவிட்டு, அடுத்த சுரங்களைச் சுருக்கி, துணைக் கருவியை மீண்டும் வந்து பிடித்துக்கொள்ளும்.

அரை நூற்றாண்டு கழித்து, 1777ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஆக்ஸ்பர்க்கிலிருந்து மொட்சார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் இதே விடயம் வருகிறது. தான் தாளம் தவறாமல் வாசிப்பதைக் கண்டு எல்லோரும் வியப்பதாகவும், மெதுவான பகுதியில் ருபாட்டோ வாசிக்கும்போது இடது கைக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியக் கூடாது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை என்றும், அவர்களுடைய இடது கை வலது கைக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது என்றும் அவர் எழுதினார். என் மாணவியின் இரண்டு கைகளும் சேர்ந்து தயங்கியதைத்தான் அவர் அன்றே குறை சொல்லியிருக்கிறார்.

ஷோப்பானும் இந்த வழியில் வந்தவரே. இடது கைதான் இசைநடத்துனர், அது தாளத்தைக் காக்க வேண்டும், வலது கை விரும்பியபடி போகலாம் என்று அவர் கற்பித்ததாக மாணவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். தாள விடயத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர், மெட்ரோனோம் அவருடைய பியானோவை விட்டு அகன்றதே இல்லை என்று அவருடைய மாணவர் கரோல் மிகுலி எழுதினார். மறுபக்கத்தில், ஷோப்பானுக்குத் தாளத்தின் கட்டுப்பாட்டைப் பொறுக்க முடியவில்லை, அளவுக்கு மீறிச் சுதந்திரம் எடுத்துக்கொண்டார் என்று இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதினார். மசூர்க்கா என்ற போலந்து நடன வகையில், மூன்று அடியில் எழுதப்பட்ட ஓர் உருப்படியை ஷோப்பான் வாசிக்கக் கேட்ட இசையமைப்பாளர் மேயர்பீர் அது இரண்டு அடியில் இருப்பதாகப் பிடிவாதம் பிடித்ததாகவும், ஷோப்பான் கோபத்தில் கத்தியதாகவும் ஒரு செய்தி உண்டு. கண்டிப்பும் சுதந்திரமும் ஒருவரிடமே இருந்திருக்கின்றன. வலது கையைக் கேட்டவர் ஒன்றைச் சொன்னார், இடது கையைக் கேட்டவர் மற்றொன்றைச் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மசூர்க்காவின் வழக்கு சற்று வேறானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அடிகளின் நீளமே நாட்டார் நடனத்தின் வழக்கப்படி நெளியும்.

இப்போது என் மாணவியின் தாளுக்குத் திரும்புவோம். 1832–33இல் அச்சில் வந்த இந்த நொக்டர்னின் ஒரு பாரில் குவேவர் எனப்படும் சிறு கால அளவுகள் பன்னிரண்டு உண்டு. இடது கை தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முடிவுவரை, ஒரு தாழ்ந்த சுரமும் இரண்டு கூட்டொலிகளும் என்று மும்மூன்றாக அவற்றை இட்டுக்கொண்டே போகிறது. வலது கை, பி-ஃபிளாட்டிலிருந்து ஆறாவது சுரமான ஜி-க்குத் தாவித் தன் பாட்டைத் தொடங்குகிறது. நான்கு நான்கு பார்களாக ஆறு பகுதிகள் முடிந்து, 25ஆம் பாரில் இறுதிப் பகுதி தொடங்குகிறது. அது தொடங்கிச் சற்று நேரத்திலேயே போகோ ருபாட்டோ வருகிறது. போகோ என்றால் ‘கொஞ்சம்’.

அந்தத் தாளே சாட்சி சொல்கிறது. மெதுவாக வேண்டுமென்று ஷோப்பான் எண்ணிய இடங்களில் ரிட்டார்டாண்டோ என்றும் ராலெண்டாண்டோ என்றும் எழுதியிருக்கிறார். நெருக்க வேண்டிய இடத்தில் ‘இறுக்கப்பட்ட’ என்ற பொருளில் ஸ்ட்ரெட்டோ என்று எழுதியிருக்கிறார். முடிவுக்குச் சற்று முன்னர் வலது கை சிறு சுரங்களாகச் சுழலும் இடத்தில் சென்சா டெம்போ, அதாவது ‘காலமின்றி’ என்று எழுதியிருக்கிறார். தாளம் இல்லாமல் விருத்தம் பாடுவதற்கு நிகரான இடம் அது, இடது கையும் அங்கே ஓய்ந்துவிடுகிறது. இவ்வளவு சொற்கள் கையில் இருந்தும் ஓரிடத்தில் மட்டும் ருபாட்டோ என்று எழுதினார் என்றால், இவை எதுவுமல்லாத வேறொன்றையே அவர் கேட்டிருக்க வேண்டும். பொதுவாகவே அவர் அந்தச் சொல்லை அதிகம் எழுதியவர் அல்லர். 1830களின் நடுப்பகுதிக்குப் பின்னர் எழுதுவதையே விட்டுவிட்டார்.

மறுகிழமை அவள் வந்தபோது கொப்பியில் எழுதிக் கொடுத்தது என் பிழை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு கணக்குப் போட்டோம். முதல் பதிப்பில் நிமிடத்துக்கு 132 குவேவர் என்று வேகம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பார் ஐந்தரை வினாடிக்குள் முடிந்து, முழு உருப்படியும் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். இன்று ஒலிப்பதிவுகளில் கேட்பதெல்லாம் அதைவிட நன்றாகத் தாமதமானவை. நாலரை நிமிடம் எடுப்பவர்கள் அதிகம். எங்கள் கணக்குக்கு வசதியாக 100 என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஒரு குவேவருக்கு 0.6 வினாடி, ஒரு பாருக்கு 7.2 வினாடி, நான்கு பார்களுக்கு 28.8 வினாடி.

ஒரு மும்மையை மட்டும் எடுத்துப் பார்த்தோம். இடது கை இடும் மூன்று குவேவர்களுக்கு 1.8 வினாடி. வலது கையிலும் மூன்று சுரங்கள் இருந்தால், நேராக வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 0.6 வினாடி கிடைக்கும். இப்போது முதல் சுரத்தில் மனம் தங்குகிறது என்று வைத்து, அதற்கு 0.8 வினாடி கொடுத்தோம். திருடப்பட்டது 0.2 வினாடி. அது அடுத்த இரண்டு சுரங்களின் பையிலிருந்து வந்தது, அவை ஒவ்வொன்றுக்கும் 0.5 வினாடிதான் மிச்சம். மொத்தம் அதே 1.8. இதற்கிடையில் இடது கை 0.6, 0.6, 0.6 என்றே போய்க்கொண்டிருப்பதால், இரண்டாவது சுரமும் மூன்றாவது சுரமும் தமக்குரிய கூட்டொலிகளுக்குச் சற்றுப் பிந்தி விழுகின்றன; அடுத்த மும்மையின் தாழ்ந்த சுரத்தில் இரண்டு கைகளும் மீண்டும் ஒன்றாகச் சந்திக்கின்றன. கைகள் ஒன்றாக விழாத அந்தச் சில கணங்களில்தான் பாட்டு துணை வாசிப்பிலிருந்து விலகி ஒரு குரலைப் போல் கேட்கிறது. முதல் சுரத்தையே பிந்தித் தொடங்குவதும், சில சமயம் முந்திக்கொள்வதும் இதன் வேறு வகைகள்.

பிள்ளை கணக்கை விளங்கிக்கொண்டாள், கை விளங்கிக்கொள்ளவில்லை. வலது கை தங்கிய இடத்தில் இடது கை அன்போடு காத்திருந்தது. மொட்சார்ட் சொன்ன ‘விட்டுக்கொடுத்தல்’ இதுதான். இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருப்பதால் அது இயல்பாகவே நடக்கிறது, டோஸியின் பாடகருக்கு இந்தச் சிரமம் இல்லை.

அப்போதுதான் அவள் பாடசாலையில் சங்கீதமும் படிக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. ஆதி தாளத்தில் தெரிந்த ஒரு கீர்த்தனையைத் தாளம் போட்டுப் பாடச் சொன்னேன். பல்லவியின் மூன்றாவது சங்கதியில் ஒரு சொல்லை நீட்டி, பின்வரும் எழுத்துகளை நெருக்கி, அடுத்த ஆவர்த்தனத்தின் எடுப்பில் தவறாமல் வந்து இறங்கினாள். தொடையில் தட்டிய கை ஒரு கணமும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை. பாட்டு எவ்வளவு உருகினாலும் தாளம் போடும் கை தயங்கக் கூடாது என்பது அவளுக்குச் சிறு வயதிலேயே உடம்பில் ஊறிப்போயிருந்தது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் ஒரு பிடியில் நின்று இழையும்போது தவில்காரர் தன் கணக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று கேட்டேன். சிரித்தாள்.

“அப்ப இடது கைதான் தாளம் போடுற கையா, ரீச்சர்?”

“ஓம் பிள்ளை. அதுக்கு மற்றக் கை செய்யிற களவு தெரியக் கூடாது.”

இந்த ஒப்புமை முழுவதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கீர்த்தனையில் சங்கதிகள் பெரும்பாலும் பாடமாக வந்தவை. எங்கே நீட்டுவது என்பதை ஆசிரியர் சொல்லித் தந்துவிடுகிறார். ருபாட்டோவில் எந்தச் சுரத்தில் தங்குவது என்பதைத் தாள் சொல்வதில்லை; வாசிப்பவரே தேட வேண்டும். பொதுவாக, தாவி ஏறிச் சேரும் உயர்ந்த சுரமும், கூட்டொலியோடு உரசிப் பின்னர் தணியும் சுரமும் தங்குவதற்குத் தகுதியானவை. எல்லாச் சுரத்திலும் தங்கினால் களவெடுக்க ஆளே மிஞ்சாது.

வீட்டில் பழகுவதற்கு இரண்டு சோதனைகளைச் சொல்லி அனுப்பினேன். முதலாவது, கைப்பேசியில் இடது கையை மட்டும் மெட்ரோனோமோடு நான்கு பார்கள் பதிவு செய்து, அந்தப் பதிவை ஓடவிட்டு, அதன் மேல் வலது கையை மட்டும் வாசிப்பது. பதிவு செய்யப்பட்ட கை யாருக்காகவும் காத்திருக்காது. எடுத்த காலத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்த பாரிலேயே அகப்பட்டுவிடலாம். இரண்டாவது, இரண்டு கைகளும் சேர்ந்து வாசித்ததை மெட்ரோனோம் இல்லாமல் பதிவு செய்து, நான்கு பார்களுக்கு எத்தனை வினாடி ஆனது என்று பார்ப்பது. முதல் நாள் அவள் வாசித்ததை நான் பதிவு செய்து வைத்திருந்தேன். 25 முதல் 28 வரையான நான்கு பார்களுக்கு 34 வினாடி எடுத்திருந்தாள். கணக்குப்படி வர வேண்டியது 28.8. ஐந்து வினாடிக்கு மேல், அதாவது எட்டுக் குவேவருக்கும் அதிகமான காலம், எடுக்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப்படவே இல்லை.

இந்த இரண்டாவது சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 19ஆம் நூற்றாண்டு போகப் போக ருபாட்டோ என்ற சொல்லின் பயன்பாடு மாறியது. இரண்டு கைகளும், சில சமயம் முழு வாத்தியக் குழுவுமே சேர்ந்து விரைவதும் தளர்வதுமாகிய இன்னொரு வகையையும் அதே சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள். இன்று மேடையில் நாம் கேட்பது பெரும்பாலும் அதுதான். அந்த வகையில் ஓரிடத்தில் எடுத்த காலம் பல பார்கள் தள்ளித் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வினாடிக் கணக்கு அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இந்த நொக்டர்னையே அப்படி வாசித்து மனதைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதலாவது வகையைக் கைக்குக் கொண்டுவராமல் இரண்டாவதைத் தொடங்குகிற மாணவர்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் சுதந்திரமன்று, கடினமான இடத்தில் வந்த தடுமாற்றம்தான். கண்டுபிடிப்பதும் எளிது: தயக்கம் உயர்ந்த சுரத்துக்கு முன்னர் வராமல் விரல் மாறும் இடத்திலும் கை தாவும் இடத்திலும் வந்தால், அது ருபாட்டோ அன்று. பழைய வகையைக் காதால் கேட்க விரும்புகிறவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஒலிப்பதிவுகளைத் தேடலாம். மிகுலியிடம் பயின்ற ராவுல் கொச்சால்ஸ்கி இந்த உருப்படியையே பதிவு செய்திருக்கிறார். இன்றைய காதுக்கு அவருடைய கைகள் ஒன்றாக விழாதது முதலில் பிழைபோலவே தோன்றும்.

சென்ற வியாழக்கிழமை அவள் மீண்டும் வாசித்தாள். அந்த நான்கு பார்களுக்கு முதல் முறை 31 வினாடி, இரண்டாம் முறை 29 வினாடி. இரண்டாம் முறையில் கணக்கு சரியாக இருந்தாலும் களவு கொஞ்சமாகவே நடந்தது. ஓரிடத்தில் மட்டும் வலது கை உண்மையாகவே பிந்தி விழுந்து, அடுத்த தாழ்ந்த சுரத்தில் வந்து சேர்ந்தது. அது நடந்ததை அவளும் கேட்டாள். திரும்பி என்னைப் பார்த்தபோது பின்வந்த பாரில் இரண்டு சுரங்களை விட்டுவிட்டாள்.

தாளில் ‘கொஞ்சம் மெதுவாக’ என்று இருந்ததை அவள் அழித்துவிட்டு ‘கொஞ்சம் களவெடுத்து’ என்று எழுதியிருந்தாள். பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது, ‘காலத்தில் சிறிது சுதந்திரத்தோடு’ என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லி, கொப்பியில் அதையே எழுத வைத்தேன். தாளில் எழுதியிருந்ததை அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த கிழமை சென்சா டெம்போ இருக்கும் பாரைத் தொடங்க வேண்டும். அங்கே தாளம் போடும் கைக்கே வேலை இல்லை என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.